கிறுக்கை வைக்குமுன் எதிராளியை வையுங்கள்: துப்பறியும் கதை எழுதப் புகுவோருக்கு

என் முதல் துப்பறிவாளருக்குப் பரிதி என்று பெயர். அவர் நள்ளிரவில் காகங்களுக்குச் சோறு வைப்பார். இடது காலில் மட்டும் செருப்பு அணிவார். மிருதங்கத்தைத் தலைகீழாகப் பிடித்து வாசிப்பார். பம்பளிமாசைத் தவிர வேறு பழம் தொடமாட்டார். கதையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: "காகம், செருப்பு, மிருதங்கம், பழம் நான்கையும் அடித்துவிட்டால் கதையில் என்ன மாறும்?"

எதுவும் மாறாது. அடித்துப் பார்த்தேன். கொலைகாரன் அதே பக்கத்தில், அதே காரணத்தால் பிடிபட்டான்.

அதற்குப் பிறகு, கதைத் துப்பறிவாளர்கள் ஏன் மேதைகளாகவும் கிறுக்கர்களாகவும் இருக்கிறார்கள் என்பதைத் தேடி ஏறக்குறைய ஓராண்டு அலைந்தேன். தேவைப்படாத புத்தகங்கள் நிறைய வாங்கினேன். கடைசியில் பார்த்தால், நான்கே சிறுகதைகளைச் சரியான வரிசையில் படித்திருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும் வேலை. அந்த வரிசையைத்தான் இங்கே தருகிறேன். நீங்கள் கதை எழுத நினைப்பவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். வாசகராக மட்டும் இருக்க விரும்பினால் ஆறாம் படியைத் தவிர்த்துவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. இரண்டாம் படியிலிருந்து கதைகளின் முடிவுகளை வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒவ்வொரு கதையையும் படித்துவிட்டு அந்தப் படிக்கு வாருங்கள்.

1. மூலப் பிரதிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

வேண்டியவை நான்கு: எட்கர் ஆலன் போ எழுதிய களவுபோன கடிதத்தின் கதை, கானன் டாயிலின் 'சில்வர் பிளேஸ்', ஆர்தர் மாரிசனின் 'லென்டன் கிராஃப்ட் திருட்டுகள்', செஸ்டர்டனின் 'நீலச் சிலுவை'. நால்வரின் எழுத்துகளும் பதிப்புரிமைக் காலத்தைக் கடந்தவை. gutenberg.org தளத்தின் தேடல் பெட்டியில் இவற்றைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
The Purloined Letter
The Memoirs of Sherlock Holmes
Martin Hewitt, Investigator
The Innocence of Father Brown
```

முதல் வரி கதையின் பெயர். அது தனியாகக் கிடைக்காவிட்டால் போவின் தொகுப்பு நூல்களில் இரண்டாம் தொகுதியில் இருக்கும். மற்ற மூன்றும் தொகுப்புகளின் பெயர்கள். நமக்கு வேண்டிய கதைதான் அந்த மூன்றிலும் முதலாவது.

செலவு ஒன்றுமில்லை. நான் செய்த தவறைச் செய்யாதீர்கள்: புத்தகக் கண்காட்சியில் எழுநூறு ரூபாய்க்குத் தலையணை அளவு ஹோம்ஸ் முழுத்தொகுப்பை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்கினேன். நான்கு நாவல்கள், 56 சிறுகதைகள். இருபதாவது கதைக்குள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. பிறகு மாணவர்களுக்கான சுருக்கப் பதிப்பு ஒன்றையும் வாங்கினேன். அது இன்னும் பெரிய பொறி. சுருக்குபவர்கள் முதலில் வெட்டுவது துப்பறிவாளருக்கு எதிராளியாக நிற்கும் இன்ஸ்பெக்டர் பேசும் பகுதிகளைத்தான். நமக்கு வேண்டியதே அந்தப் பகுதிகள்.

இன்னொரு பொறி பதிப்புரிமை. இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் 70 ஆண்டுகள். போ 1849இலும் டாயில் 1930இலும் செஸ்டர்டன் 1936இலும் மாரிசன் 1945இலும் இறந்தார்கள். எனவே இவர்களை நீங்கள் மொழிபெயர்க்கலாம், தழுவலாம். அகதா கிறிஸ்டி அப்படியல்ல. அவருடைய முதல் நாவல் 1920இல் வந்தது என்பதால் அமெரிக்கச் சட்டப்படி அது பொதுவுடைமை ஆகிவிட்டது. அதே தளத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அதில் வரும் துப்பறிவாளர் ஹெர்க்யூல் பாய்ரோவைத் தமிழில் கொண்டுவரலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கிறிஸ்டி இறந்தது 1976இல். இந்தியாவில் 2036ஆம் ஆண்டின் இறுதி வரை உரிமை இருக்கிறது. அதேபோல டாயிலின் கதை பொதுவுடைமை என்பதால் அதன் தமிழ் மொழிபெயர்ப்பும் பொதுவுடைமை ஆகிவிடாது. மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை உண்டு.

நேரக் கணக்கு: ஒவ்வொரு கதையும் ஏறத்தாழ பத்தாயிரம் சொற்களுக்குள் அடங்கும். பழைய ஆங்கிலம் என்பதால் ஒரு கதைக்கு இரண்டு மணி நேரம் வையுங்கள். ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி இரண்டு மணி நேரம். வாரத்துக்கு ஒரு கதை போதும். முதல் முறை சும்மா படியுங்கள். இரண்டாம் முறை இரண்டு நிறப் பென்சில்களோடு உட்காருங்கள். துப்பறிவாளரின் விசித்திரங்களுக்கு ஒரு நிறம், அவருடைய போட்டியாளர், அதாவது எதிராளி, சொல்வதற்கும் செய்வதற்கும் இன்னொன்று. இதற்காக அந்த ஒரு கதையை மட்டும் தாளில் அச்சிட்டுக்கொள்வது நல்லது. கணினித் திரையில் இது சரிப்படாது.

2. 'சில்வர் பிளேஸ்' கதையை இன்ஸ்பெக்டரின் பக்கத்திலிருந்து படியுங்கள்

கால வரிசைப்படி போவில் தொடங்க வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். 1892 டிசம்பர் 'ஸ்ட்ராண்ட்' இதழில் வந்த இந்தக் கதையில் எல்லாம் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. இதில் நின்று நிதானமாக வேலை செய்யுங்கள்; மற்ற மூன்றும் பிறகு எளிதாகப் பிடிபடும்.

டார்ட்மூர் பொட்டல்வெளியில் ஒரு குதிரை லாயம். பந்தயத்துக்குச் சில நாள் முன்பு சில்வர் பிளேஸ் என்ற குதிரை காணாமல் போகிறது. அதன் பயிற்சியாளர் ஸ்ட்ரேக்கர் மண்டை உடைந்து வெளியில் கிடக்கிறார். வழக்கைக் கையில் எடுப்பவர் இன்ஸ்பெக்டர் கிரிகரி.

பென்சிலை எடுத்து கிரிகரி செய்ததையெல்லாம் குறியுங்கள். லாயத்தைச் சுற்றித் திரிந்த சிம்ப்சன் என்ற சூதாட்டக்காரனைக் கைது செய்திருக்கிறார். அவனுடைய கழுத்துத் துணி செத்தவரின் கையில் இருந்தது. ஈயம் பொதிந்த தடி அவனிடம் இருந்தது. லாயப் பையனின் உணவில் அபின் கலந்திருந்தது. சந்தேகத்துக்கு நல்ல அடிப்படைதான். அதோடு, பிணம் கிடந்த இடத்துச் சேறு மிதிபடாமல் இருக்கப் பாய் விரித்து ஓரமாகவே எல்லோரையும் நிற்க வைத்திருக்கிறார். ஒப்பிட்டுப் பார்க்க ஸ்ட்ரேக்கரின் பூட்ஸ், சிம்ப்சனின் காலணி, குதிரையின் பழைய லாடம் மூன்றையும் பையில் கொண்டுவந்திருக்கிறார். ஹோம்ஸே வாய்விட்டுப் பாராட்டுகிறார்.

நான் இங்கேதான் முதலில் தடுமாறினேன். போலீஸ்காரர் முட்டாளாக இருந்தால்தான் துப்பறிவாளர் மேதையாகத் தெரிவார் என்று நினைத்திருந்தேன். பரிதியின் கதையில் வரும் இன்ஸ்பெக்டர் கைரேகை எடுக்கவே மறந்துவிடுவார். ஆனால் கிரிகரி எதையும் மறப்பதில்லை. அவரிடம் ஒன்றே ஒன்றுதான் குறை என்று ஹோம்ஸ் கதையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்: கற்பனை.

அது என்ன குறை என்பதை ஒரு தீக்குச்சி காட்டுகிறது. ஹோம்ஸ் பாயில் குப்புறப் படுத்துச் சேற்றைக் கிளறி, பாதி எரிந்த மெழுகுத் தீக்குச்சி ஒன்றை எடுக்கிறார். "இதை எப்படி விட்டேன்?" என்று கிரிகரி திகைக்கிறார். அது இருக்கும் என்று எதிர்பார்த்துத் தேடியதால்தான் தனக்குக் கிடைத்தது என்கிறார் ஹோம்ஸ். கிரிகரி இருப்பதைச் சேகரிக்கிறார். ஹோம்ஸ் இருக்க வேண்டியதை முதலில் மனத்தில் கட்டி, பிறகு அதைத் தேடுகிறார். அந்தப் புகழ்பெற்ற நாய் விஷயமும் இதே வகைதான். இரவில் நாய் எதுவும் செய்யவில்லையே என்று கிரிகரி சொல்கிறார். அதுதான் விசித்திரம் என்கிறார் ஹோம்ஸ். குரைக்காத குரைப்பை எந்த அறிக்கையிலும் எழுத முடியாது. குரைத்திருக்க வேண்டும் என்று கற்பனை செய்தவருக்கே அது தென்படும். நள்ளிரவில் வந்தவன் நாய்க்குப் பழக்கமானவன். குதிரையை வெளியே கொண்டுபோனவர் பயிற்சியாளரேதான். கடனில் மூழ்கி, குதிரையின் கால் நரம்பைக் கீறி நொண்டியாக்கப் போனவரைக் குதிரை உதைத்துக் கொன்றுவிட்டது.

அடுத்தது கிறுக்கு. ஹோம்ஸ் இந்த முடிவுகளில் பெரும்பகுதியை டார்ட்மூரிலேயே எட்டிவிடுகிறார். பக்கத்து லாயத்தில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த குதிரையையும் கண்டுபிடித்துவிடுகிறார். ஆனால் குதிரையின் சொந்தக்காரர் கர்னல் ராஸிடம் எதையும் சொல்லாமல் லண்டனுக்கு ரயிலேறுகிறார். நான்கு நாள் கழித்துப் பந்தயத் திடலில்தான் உண்மை வெளிவருகிறது. கொலையாளி உங்களுக்குப் பின்னால் நிற்கிறார் என்று சொல்லிக் குதிரையைக் காட்டுகிறார். ஏன் இந்த நான்கு நாள்? கர்னல் தன்னைக் கொஞ்சம் அலட்சியமாக நடத்தினாராம். அவரை வைத்துச் சற்று விளையாடிப் பார்க்க வேண்டுமாம்.

கிரிகரி இப்படிச் செய்ய முடியுமா? மேலதிகாரிக்கு அன்று மாலையே அறிக்கை போக வேண்டும். தெரிந்த உண்மையை மறைத்துவைத்து, நிரபராதி ஒருவனை நான்கு நாள் காவலில் விட்டுவைத்தால் வேலை போய்விடும். ஹோம்ஸ் செய்தால் நாம் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்கிறோம்: "அவர் அப்படித்தான்."

நான் ஓராண்டு தேடியது இந்த "அவர் அப்படித்தான்" என்ற இரண்டு சொற்களைத்தான். துப்பறியும் கதைக்கு ஒரு தீராத இக்கட்டு இருக்கிறது. விடை தெரிந்தவர் ஒருவர் கதையின் நடுவிலேயே இருக்கிறார். ஆனால் கடைசிப் பக்கம் வரை அவர் வாயைத் திறக்கக் கூடாது. சாதாரண மனிதர் அப்படி மௌனமாக இருந்தால் ஆசிரியர் ஏமாற்றுகிறார் என்று வாசகருக்குத் தோன்றும். கிறுக்கு அந்த மௌனத்துக்கான உரிமம். பாரசீகச் செருப்பில் புகையிலை வைப்பவர், அறைச் சுவரில் துப்பாக்கிக் குண்டுகளால் எழுத்துப் பொறிப்பவர், மனத்திலிருப்பதைச் சொல்லாமல் இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. மேதைமையும் அதே உரிமத்தின் இன்னொரு பக்கம். விடை அவருக்கு மட்டும் தெரிந்திருப்பதை நம்பவைக்க அது வேண்டும்.

3. கிறுக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள்: மார்ட்டின் ஹியூவிட்

1893 டிசம்பரில் டாயில் ஹோம்ஸை அருவியில் தள்ளிவிட்டார். 'ஸ்ட்ராண்ட்' இதழுக்கு மாற்று ஆள் தேவைப்பட்டது. மூன்றே மாதத்தில், 1894 மார்ச்சில், அதே இதழில் ஹோம்ஸுக்குப் படம் வரைந்த அதே சிட்னி பாஜெட் வரைய, மாரிசனின் ஹியூவிட் வந்தார். ஹோம்ஸின் போட்டியாளர்கள் என்று பின்னாளில் தொகுக்கப்பட்ட வரிசையில் முக்கியமானவர் இவர். நமக்கு இவர் ஒரு சோதனைக் குழாய்: அதே இதழ், அதே ஓவியர், கிட்டத்தட்ட அதே வாசகர்கள், கிறுக்கு மட்டும் கிடையாது. பூசினாற்போன்ற உடம்பு, சிரித்த முகம். தன்னிடம் எந்தத் தனி முறையும் இல்லை, எல்லோருக்கும் இருக்கும் அறிவைக் கவனமாகப் பயன்படுத்துகிறேன், அவ்வளவுதான் என்பார்.

கதை ஒரு பெரிய மாளிகையில் நடக்கிறது. விருந்தாளிப் பெண்களின் நகைகள் அடுத்தடுத்து மூன்று முறை களவு போகின்றன. ஒவ்வொரு முறையும் ஒரு நகைதான் போகிறது. அந்த இடத்தில் ஒரு பயன்படுத்திய தீக்குச்சி கிடக்கிறது. விடை: வீட்டுச் செயலாளர் பழக்கி வைத்திருந்த கிளி. சத்தம் போடாமல் இருக்க அதன் அலகில் தீக்குச்சியைக் கொடுத்து அனுப்புவார்; நகையைக் கவ்வும்போது அது குச்சியைக் கீழே போட்டுவிடும்.

இரண்டாம் முறை படித்தபோது துப்பறிவாளருக்கான பென்சில் நிறம் தாளில் அநேகமாக விழவே இல்லை. விசித்திரம் முழுவதும் குற்றத்துக்குள் போய்விட்டது. ஆள் சாதாரணம் என்றால் களவு அசாதாரணமாக இருந்தாக வேண்டும். இது நியாயமான பேரம்தான். கதையும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் விலை அதிகம்: ஒவ்வொரு கதைக்கும் ஒரு புதுக் கிளியைப் பிடித்துவர வேண்டும். ஹோம்ஸ் கதை ஒன்றில் புதிர் சுமாராக இருந்தாலும் ஆளைப் பார்ப்பதற்காகப் படிப்போம். ஹியூவிட்டுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. மாதாமாதம் தனித்தனிக் கதைகளாக வரும் தொடரில் அந்த வேறுபாடு பெரியது.

உங்கள் மனம் சாதாரண ஆளை நோக்கியே போகிறது என்றால் தயங்க வேண்டாம். எத்தனை கிளிகள் கைவசம் இருக்கின்றன என்று மட்டும் முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள். மூன்றுக்குக் குறைவாக இருந்தால் தொடர் எழுத ஒப்புக்கொள்ளாதீர்கள்.

4. இரண்டு எதிராளிகளைப் பிரித்தறியுங்கள்: களவுபோன கடிதம்

இப்போது போவுக்கு வரலாம். அரண்மனையிலிருந்து ஒரு கடிதத்தை அமைச்சர் ஒருவர் எடுத்துப்போய், அதை வைத்து மிரட்டுகிறார். பாரிஸ் போலீஸ் தலைவர் மூன்று மாதம் இரவிரவாக அமைச்சரின் வீட்டைச் சோதிக்கிறார். மெத்தைகளை ஊசியால் குத்திப் பார்க்கிறார். மேசைப் பலகைகளைக் கழற்றிப் பார்க்கிறார். நாற்காலிச் சட்டங்களின் இணைப்புகளை நுண்ணோக்கியால் பார்க்கிறார். கடிதம் இல்லை. அது கணப்புக்கு மேலே தொங்கிய மலிவான அட்டைத் தாங்கியில், கசங்கி அழுக்காக, எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது.

இந்தக் கதையில் போட்டியாளர் இருவர் என்பதை நான் மூன்றாம் வாசிப்பில்தான் கவனித்தேன். துப்பறிவாளர் டூப்பேனுக்குக் கீழே போலீஸ் தலைவர். அவருக்கு நிகராக அமைச்சர். கீழே இருப்பவர் விடாமுயற்சியால் தோற்கிறார். நிகரானவர் தன்னைப் போலவே யோசிக்கும் ஒருவர் இருப்பதால் தோற்கிறார். போலீஸ் தலைவரின் குருட்டிடம் எது என்பதைக் கதை பளிச்சென்று சொல்லிவிடுகிறது: அமைச்சர் கவிதை எழுதுவாராம், கவிஞன் முட்டாளுக்கு அடுத்த படி என்பது போலீஸ் தலைவரின் நம்பிக்கை. உடனே டூப்பேன் தானும் அப்படிச் சில வரிகள் கிறுக்கிய குற்றவாளிதான் என்கிறார். போகிற போக்கில் வரும் வரி அது. முதல் இரண்டு முறையும் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

கதையின் பூட்டுக்குச் சாவி அதுதான். டூப்பேனின் விசித்திரம் வெறும் அலங்காரமென்றால் எதை வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். போ வைத்தது, அமைச்சரிடம் இருப்பதும் போலீஸ் தலைவர் இகழ்வதுமான அதே ஒன்றை. இருட்டறையில் உட்கார்ந்து யோசிக்கும் பழக்கமும் இப்படித்தான். நுண்ணோக்கி வைத்துப் பார்ப்பவருக்கு எதிரே, பார்க்காமலே யோசிப்பவர்.

மௌன உரிமத்தையும் இங்கே சரிபாருங்கள். போலீஸ் தலைவர் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வருகிறார். டூப்பேன் 50,000 பிராங்குக்குக் காசோலை எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு, மேசை இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுக்கிறார். கடிதம் கையில் இருக்கும்போதே பேரம். கிறுக்கர் என்பதால் மன்னிக்கிறோம்.

5. தலைகீழாகக் கவிழ்த்தால் என்ன ஆகும்: நீலச் சிலுவை

இதை விரைவாகவே முடிக்கலாம். 1910இல் வந்த கதை. முழுக்க முழுக்கப் போட்டியாளரின் தோளுக்குப் பின்னால் நின்று நடக்கிறது. பாரிஸ் போலீசின் புகழ்பெற்ற அதிகாரி வாலென்டின், ஃபிளாம்போ என்ற திருடனைத் தேடி லண்டனுக்கு வருகிறார். வழியெல்லாம் இரண்டு பாதிரியார்கள் விட்டுச்சென்ற விபரீதங்கள்: சர்க்கரைக் கிண்ணத்தில் உப்பு, சுவரில் வீசியடித்த சூப், உடைத்த சன்னல். கிறுக்கின் தடத்தைத் தொடர்ந்து போகிறார். குடையைக் கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத குட்டையான ஃபாதர் பிரவுன்தான், போலீஸ் பின்தொடர வேண்டும் என்பதற்காக இதையெல்லாம் செய்தவர். பக்கத்தில் பாதிரி வேடத்தில் நடந்தவன் ஃபிளாம்போ.

மற்ற கதைகளில் துப்பறிவாளரின் இயல்பாக இருக்கும் கிறுக்கு இங்கே அவர் எதிராளிக்கு எதிராகத் தயாரித்த கருவி. ஆளோ மந்தமாகத் தெரிகிறார். கிறுக்கு மேதை என்ற அச்சு வாசகர் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருந்ததால்தான் செஸ்டர்டனால் அதைக் கவிழ்க்க முடிந்தது. தேவனின் துப்பறியும் சாம்புவை நினைத்துப் பாருங்கள். அசட்டு சாம்பு உளறியதெல்லாம் தற்செயலாகத் துப்பாக அமைய, மேதையின் புதிர்ப் பேச்சு என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்வதில்தான் நகைச்சுவையே இருக்கிறது.

ஃபிளாம்போ பின்வரும் கதைகளில் திருந்தித் துப்பறிவாளனாகவும் ஃபாதர் பிரவுனின் நண்பனாகவும் ஆகிவிடுகிறான். வாலென்டினுக்கு என்ன ஆகிறது என்பதை அதே தொகுப்பின் இரண்டாவது கதையில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் சொல்ல மாட்டேன்.

6. உங்கள் தாள்: நான்கு வரிகள், இந்த வரிசையில்

எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் நான்கு வரிகளை நிரப்புங்கள். ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையை மாற்றினால் மறுபடி பரிதிதான் பிறப்பார். என் இரண்டாவது கதைக்கு நான் நிரப்பியதையே உதாரணமாகத் தருகிறேன்.

முதல் வரி, போட்டியாளர் எதில் உண்மையிலேயே கெட்டிக்காரர். என் கதையில் அவர் ஒரு சப்-இன்ஸ்பெக்டர். ஊரில் யாருக்கும் யாருக்கும் என்ன பகை, யார் கடன்பட்டிருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பாதி வழக்குகளை அதனாலேயே முடித்துவிடுவார்.

இரண்டாம் வரி, அந்தக் கெட்டிக்காரத்தனமே அவருக்கு எதை மறைக்கிறது. ஆட்களை அறிந்தவர் என்பதால் ஆவணங்களில் பெயரையும் கையெழுத்தையும்தான் பார்ப்பார். மற்றதெல்லாம் அவருக்கு எழுத்தர் நிரப்பிய வெற்றுச் சொற்கள்.

மூன்றாம் வரியில்தான் துப்பறிவாளரின் கிறுக்கு வர வேண்டும். இரண்டாம் வரியின் நேர் எதிர்ப்புறமாக. என் துப்பறிவாளர் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர், ஓர் அம்மாள். எந்த ஆவணத்தையும் பின்பக்கத்திலிருந்து படிப்பார். பெயர்கள் மீது கட்டை விரலை வைத்து மறைத்துக்கொள்வார். சொத்து விவரத்தில் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியைத்தான் முதலில் வாசிப்பார்.

நான்காம் வரி, அந்தக் கிறுக்கு அவருக்கு எப்படி மௌன உரிமம் தருகிறது. எல்லைகளைக் காலால் நடந்து பார்க்காமல் அவர் வாயைத் திறக்கமாட்டார். முட்டி வலி, மெதுவாகத்தான் நடப்பார். எனக்கு இரண்டு நாள் கிடைத்தது.

வழக்கு தானாகவே அமைந்தது. இறந்த பெரியவரின் பெயரில் 1987ஆம் ஆண்டுத் தேதியிட்ட உயில் ஒன்று கிடைக்கிறது. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லாததால் பதிவாகவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார், பொருந்துகிறது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் நல்லவர்கள், இப்போது உயிரோடு இல்லை. அம்மாள் பின்பக்கம் திருப்பி, வடக்கு எல்லை 'பஞ்சாயத்து சிமென்ட் சாலை' என்றிருப்பதை வாசிக்கிறார். ஒன்றும் பேசாமல் எழுந்து நடக்கிறார். சாலை முனையில் திறப்பு விழாக் கல் ஒன்று நிற்கிறது. அதில் 1994 என்று பொறித்திருக்கிறது.

7. அனுப்புமுன் ஒரு சோதனை

முடிவுக்கு முந்தைய பக்கத்தோடு நிறுத்தி, அதுவரை உள்ளதை மட்டும் இரண்டு பேருக்குக் கொடுங்கள். யார் குற்றவாளி என்று கேட்காதீர்கள். அது எல்லோரும் கேட்பது, பயனில்லாதது. "போலீஸ்காரர் செய்தது சரிதானே?" என்று கேளுங்கள். "அவர் முட்டாள்" என்று பதில் வந்தால் முதல் வரிக்குத் திரும்புங்கள், எதிராளி மெலிந்திருக்கிறார். "துப்பறிபவர் ஏன் சொல்லித் தொலைக்க மாட்டேன் என்கிறார்?" என்று எரிச்சல் வந்தால் நான்காம் வரியில் கோளாறு.

பிறகு அந்தப் பத்திரிகை எனக்குக் கேட்ட கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். கிறுக்கை அடித்துவிட்டு முடிவு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் கிறுக்கு வெறும் ஒட்டு. இந்த இரண்டு சோதனைக்கும் பத்து நாள் ஒதுக்குங்கள். படிப்பவர்கள் நண்பர்கள் என்றால் பதினைந்து நாள்.

என் கதையை முதலில் படித்தவர் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமைக் காவலர். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எஸ்.ஐ. செய்தது சரிதான் சார், நானும் கையெழுத்தைத்தான் பார்த்திருப்பேன்" என்றார். கொஞ்ச நேரம் நின்றார். "அந்தக் கடைசிப் பக்கம் எங்கே?" என்று கேட்டார்.